ஏஐ-யில் புது ஹேர்கட் பார்க்கிறீர்களா? 'எதை மாற்றக் கூடாது' என்ற வரிதான் முக்கியம்!

கறம்பக்குடி மாதிரி ஊர்களில் சலூன் சுவரில் ஒட்டியிருக்கும் ஹேர்ஸ்டைல் போஸ்டரைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. வரிசையாக இருபது, முப்பது தலைகள். அதில் ஒன்றைக் கைகாட்டி, "அண்ணே, இந்த மாதிரி வெட்டுங்க" என்று சொன்னால் போதும். வெட்டு முடிந்து கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் போஸ்டரில் இருந்த முகமும் நம்ம முகமும் வேறு என்பது புரியும். பியூட்டி பார்லரில் இருக்கும் ஆல்பத்துக்கும் இதே கதைதான்.

இப்போது அந்தப் போஸ்டரின் வேலையைச் செல்போன் எடுத்துக்கொண்டிருக்கிறது. சொந்தப் போட்டோவை ஏஐ செயலியில் ஏற்றி, "இந்த ஹேர்கட், இந்தக் கலர்" என்று எழுதினால் சில நொடிகளில் படம் வந்துவிடுகிறது. கூகுளின் 'நானோ பனானா' 2025 ஆகஸ்ட்டில் வெளியானதும் இது எல்லோர் கைக்கும் வந்தது. அடுத்த மாதமே ரெட்ரோ சேலைப் படங்கள் இந்தியா முழுக்க இன்ஸ்டாகிராமை நிறைத்தன. ஆவணி முகூர்த்தத்துக்கு முன்பு முடி வெட்டலாமா, கலர் பண்ணலாமா என்று யோசிப்பவர்கள் இப்போது முதலில் கேட்பது போனிடம்தான்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. போஸ்டரில் இருக்கும் யாரோ ஒருவரின் தலையைவிட, நம்ம தலையில் பார்ப்பது மேல். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. படத்தில் முடி மட்டும்தான் மாறியிருக்க வேண்டும். முகமும் சேர்ந்து மாறியிருந்தால், பழைய போஸ்டருக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. சொல்லப்போனால் இது இன்னும் மோசம். போஸ்டரில் இருப்பது வேறு ஆள் என்று நமக்குத் தெரியும், இங்கே அது தெரியாது.

போட்டோவுக்குள்ளே என்ன நடக்கிறது?

பலர் நினைப்பது இதுதான்: ஏஐ நம் போட்டோவில் உள்ள முடியை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு, புது முடியை ஒட்டுகிறது. பழைய 'ட்ரை ஆன்' செயலிகள் ஓரளவு அப்படித்தான் வேலை செய்தன. முடி இருக்கும் பகுதியைக் கண்டுபிடித்து, அதன்மேல் மட்டும் நிறம் பூசும். முகத்தைத் தொடாது. ஆனால் வெட்டை மாற்றும்போது விக் வைத்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது வரும் ஏஐ கருவிகள் பெரும்பாலும் அப்படி ஒட்டுவதில்லை. நம் போட்டோவைப் பார்த்துவிட்டு முழுப் படத்தையும் புதிதாக வரைகின்றன. ஒரு ஓவியரிடம் போட்டோவைக் கொடுத்து, "முடியை மட்டும் மாற்றி இன்னொன்று வரைஞ்சு கொடுங்க" என்று கேட்பது போல. அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கண், மூக்கு, சுவர் எல்லாவற்றையும் மறுபடி வரைந்துதான் ஆக வேண்டும்.

அதோடு, இந்த வகைக் கருவிகளில் பல, படத்தை அப்படியே கையாளுவதில்லை. முதலில் சுருக்கிக்கொள்ளும். 2022-ல் வெளியான 'ஸ்டேபிள் டிஃப்யூஷன்' இதற்கு நல்ல உதாரணம். 512-க்கு 512 புள்ளிகள் உள்ள படத்தை 64-க்கு 64 கட்டங்களாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தில்தான் மாற்றங்களைச் செய்யும். பிறகு மறுபடி பெரிதாக்கும். அதாவது 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட ஒரு சின்னச் சதுரம், ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. கன்னத்து மச்சம், பல்லிடுக்கு, மூக்குத்தியின் கல் எல்லாம் போட்டோவில் அந்தச் சதுர அளவுதான் இருக்கும். திரும்ப விரியும்போது இவை மழுங்கலாம், இடம் மாறலாம், காணாமலும் போகலாம்.

ஆக, 'முகம், தோல், பின்னணி அப்படியே இருக்கட்டும்' என்று பிராம்ப்ட்டில் எழுதுவது பூட்டு போடுவது ஆகாது. அது ஒரு கோரிக்கை. எழுதினால் நிலைமை நிறையவே மேம்படும், ஆனால் வந்த படத்தைச் சோதிக்காமல் நம்ப முடியாது.

முகம் ஏன் 'அழகாகி' வருகிறது?

2023 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு சம்பவம் செய்தியானது. எம்ஐடி-யில் படித்த ஆசிய வம்சாவளி மாணவி ஒருவர் 'பிளேகிரவுண்ட் ஏஐ' என்ற தளத்தில் தன் போட்டோவை ஏற்றினார். வேலை தேடும் தளத்துக்கு ஏற்ற, தொழில்முறையான படம் வேண்டும் என்று கேட்டார். வந்த படத்தில் அவருடைய தோல் வெளுத்திருந்தது, கண்கள் நீலமாகியிருந்தன. அவர் கேட்டதில் நிறம் பற்றிய ஒரு வார்த்தைகூட இல்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானது அல்ல. இந்தக் கருவிகள் இணையத்தில் கிடைக்கும் கோடிக்கணக்கான படங்களையும், அவற்றோடு இருக்கும் வார்த்தைகளையும் சேர்த்துப் படித்தவை. 'தொழில்முறை', 'அழகு', 'ஸ்டைல்' போன்ற வார்த்தைகளோடு அங்கே எந்த மாதிரி முகங்கள் அதிகம் இருந்தனவோ, அந்தப் பக்கமே படம் சாயும். ஹேர் கலருக்கும் இதே நிலைதான். ஆஷ் பிரவுன், ஹனி பிளாண்ட் என்று எழுதிய படங்களில் வெள்ளைத் தோல் உள்ளவர்களே நிறைய. முடியின் நிறத்தை வெளிறச் செய்யச் சொன்னால், தோலும் கொஞ்சம் கூடவே வெளிறிப் போகும் ஆபத்து அதிகம்.

ஆகவே பிராம்ப்ட்டில் முதலில் தூக்க வேண்டிய வார்த்தை 'அழகா'. "எனக்கு சூட் ஆகுற மாதிரி அழகா ஒரு ஹேர்கட் வை" என்று எழுதினால், அழகு என்பதற்கு அர்த்தம் சொல்லும் உரிமையைக் கருவியிடமே கொடுத்துவிட்டோம். தோலை மழமழவென்று ஆக்கி, தாடையைக் கொஞ்சம் ஒல்லியாக்கி, கண்ணைப் பெரிதாக்கிக் கொடுக்கும். பார்த்ததும் "சூப்பரா இருக்கே" என்று தோன்றும். அந்தச் சூப்பருக்குக் காரணம் ஹேர்கட்டா, தாடையா என்று நமக்கே தெரியாது. வெட்டிய பிறகு ஹேர்கட் கிடைக்கும். தாடை கிடைக்காது.

முதல் வேலை: போட்டோ

பிராம்ப்ட்டைவிட முன்னதாகச் சரிசெய்ய வேண்டியது போட்டோ. நீளமான முடியைக் குட்டையாக்கிப் பார்க்க வேண்டும் என்றால், முடியை இறுக்கிப் பின்னால் கட்டிக்கொண்டு போட்டோ எடுப்பது நல்லது. விரித்த முடி காதையும் கழுத்தையும் தோளையும் மறைத்திருக்கும். முடியைக் குறைக்கச் சொன்னால் அந்த இடங்களைக் கருவி கற்பனையில்தான் நிரப்ப வேண்டும். கட்டிய முடியில் எடுத்தால் காது, தாடை, நெற்றியில் முடி தொடங்கும் கோடு எல்லாம் உண்மையாகவே போட்டோவில் இருக்கும்.

இந்தக் கற்பனை நிரப்பலுக்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2025 செப்டம்பரில் சேலை டிரெண்ட் ஓடியபோது, ஏற்றிய போட்டோவில் தெரியாத ஒரு மச்சம் ஏஐ படத்தில் கையில் இருப்பதாகவும், தனக்கு நிஜமாகவே அங்கே மச்சம் இருப்பதாகவும் ஓர் இளம்பெண் காணொளி போட்டார். அது வேகமாகப் பரவி, பலர் பயந்தார்கள். முழுக்கை உடையை மாற்றினால் மறைந்திருந்த கையைக் கருவி வரைந்தே ஆக வேண்டும். வரைவது எல்லாம் அதன் ஊகம். அந்த ஊகம் சில நேரம் உண்மையோடு பொருந்திப் போகும், பல நேரம் போகாது. காதுக்கும் கழுத்துக்கும் அதே கதைதான்.

வெளிச்சமும் முக்கியம். மதிய வெயிலும் வேண்டாம், இரவு டியூப் லைட்டும் வேண்டாம். பகலில் வாசல் பக்கமாக, ஜன்னலைப் பார்த்து நின்று எடுத்தால் போதும். போனில் இருக்கும் 'பியூட்டி' வசதியை அணைத்துவிட வேண்டும். பல போன்களில் செல்ஃபி கேமராவில் அது நாம் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். அங்கேயே தோல் ஒருமுறை வெளுத்துவிட்டால், பிறகு ஏஐ-யைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொரு சின்ன விஷயம். சில போன்களில் செல்ஃபி, கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறிச் சேமிக்கப்படும். வகிடு எந்தப் பக்கம், மச்சம் எந்தப் பக்கம் என்று எழுதும்போது குழப்பம் வரும். வீட்டில் ஒருவரை வைத்துப் பின் கேமராவில், கண் உயரத்தில், கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கச் சொன்னால் இந்தச் சிக்கல் இல்லை. மிக அருகில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரிவதும் தவிரும்.

பிராம்ப்ட்டை எப்படி எழுதுவது?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கறம்பக்குடியில் இருக்கும் ஒரு பெண். இடுப்பு வரை நீளும், லேசான அலை உள்ள கருப்பு முடி. மாநிறம். கன்னத்தில் ஒரு மச்சம், மூக்குத்தி, பொட்டு. பின்னால் வீட்டின் நீலச் சுவர். தோள் அளவுக்கு வெட்டி, பிரவுன் கலர் பண்ணினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

"ஸ்டைலா ஷார்ட் ஹேர், பிரவுன் கலர்" என்று எழுதினால் என்ன ஆகும்? 'ஷார்ட்' என்றால் காது அளவா, தாடை அளவா, தோள் அளவா? 'பிரவுன்' என்றால் காப்பிக்கொட்டை நிறமா, தேன் நிறமா? சொல்லாததை எல்லாம் கருவியே முடிவு செய்யும். ஆகவே பிராம்ப்ட்டை மூன்று பகுதியாகப் பிரித்து எழுதுவது நல்லது: வெட்டு, நிறம், மாறக் கூடாதவை. தமிழிலேயே எழுதலாம்.

```
இந்தப் போட்டோவில் தலைமுடியை மட்டும் மாற்று.
வெட்டு: தோளைத் தொடும் நீளம். தாடை அளவில்
தொடங்கும் லேயர். நடு வகிடு. லேசான அலை உள்ள முடி.
நிறம்: அடர் சாக்லேட் பிரவுன், முழு முடிக்கும்.
அப்படியே இருக்க வேண்டியவை: முக வடிவம், முகபாவம்,
தோலின் மாநிறம், தோலின் இயல்பான தன்மை, கன்னத்து
மச்சம், மூக்குத்தி, பொட்டு, நெற்றியில் முடி தொடங்கும்
கோடு, உடை, நீலச் சுவர், வெளிச்சம், கேமரா கோணம்.
```

இதில் கவனிக்க வேண்டியது சில உண்டு. நீளத்தை உடம்பின் ஓர் இடத்தை வைத்துச் சொல்லியிருக்கிறது. தோள், தாடை, காது மடல் என்று சொன்னால் கருவிக்கும் புரியும், நாளைக்கு சலூனிலும் அதே வார்த்தையைப் பயன்படுத்தலாம். முடியின் தன்மையையும் எழுதியிருக்கிறது. அதை விட்டுவிட்டால், அலை அலையான முடியும் சுருட்டை முடியும் பெரும்பாலும் அயர்ன் பண்ணின மாதிரி நேராகி வரும்.

மாறக் கூடாதவற்றை 'முகத்தை மாற்றாதே' என்று ஒரே வரியில் முடிக்காமல், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. 'வெள்ளையாக்காதே' என்று எழுதுவதைவிட 'தோலின் மாநிறம் அப்படியே' என்று எழுதுவது பலன் தரும். இந்தக் கருவிகள் 'வேண்டாம்' என்பதைச் சில நேரம் சரியாகப் பிடிப்பதில்லை. இருக்க வேண்டியதை நேராகச் சொன்னால் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஆண்களுக்கு 'நெற்றியில் முடி தொடங்கும் கோடு' என்ற வரி கட்டாயம் வேண்டும். ஏறு நெற்றி உள்ளவருக்கு ஃபேட் கட் வைத்துக் கேட்டால், கருவி பல முறை முடியை அடர்த்தியாக்கி நெற்றியையும் நிரப்பிவிடும். அந்தப் படத்தைக் காட்டி, "இப்படி வெட்டுங்க" என்றால் சலூன்காரர் என்ன செய்வார்? அவர் வெட்டத்தான் முடியும், நட முடியாது.

முதல் படம் பிடிக்கவில்லை என்றால் அதன்மேலேயே "இன்னும் கொஞ்சம் குட்டையா" என்று திருத்திக்கொண்டே போகக் கூடாது. ஒவ்வொரு திருத்தத்திலும் முகம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஐந்தாவது படத்தில் இருப்பவர் உங்கள் சித்தி மகள் மாதிரி இருப்பார். மாற்றம் வேண்டுமென்றால் பிராம்ப்ட்டைத் திருத்தி, மூலப் போட்டோவிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும்.

வந்த படம் நம்மதுதானா? சோதிக்கும் வழி

சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. மூலப் போட்டோவையும் புதுப் படத்தையும் கேலரியில் அடுத்தடுத்து வைத்து, வேகமாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். மாறாத பகுதி அசையாமல் நிற்கும். மாறிய பகுதி குதிக்கும். முடி மட்டும் குதித்தால் நல்லது. கண்ணோ தாடையோ சேர்ந்து குதித்தால் அந்தப் படம் வேண்டாம்.

அடுத்தது பின்னணி. பின்னணி மாறக் கூடாது என்று கேட்பது ஏதோ படம் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. அதுதான் நமக்கு அளவுகோல். நம் உதாரணத்தில் நீலச் சுவரைப் பாருங்கள். சுவரின் நீலம் வெளுத்திருந்தால், முழுப் படத்தின் வெளிச்சத்தையும் கருவி ஏற்றியிருக்கிறது. தோலும் வெளுத்திருக்கும். சுவர் அதே நீலமாக இருந்து முகம் மட்டும் வெளுத்திருந்தால், கருவி முகத்தைத் தனியாகத் தொட்டிருக்கிறது. வெறும் வெள்ளைச் சுவரைவிட நிறமுள்ள சுவரோ, கதவோ, ஜன்னல் கம்பியோ பின்னால் இருப்பது இதனால்தான் நல்லது. ஜன்னல் கம்பிகள் வளைந்திருந்தால் பக்கத்தில் இருக்கும் முக வடிவமும் இழுபட்டிருக்க வாய்ப்பு உண்டு.

தோல் நிறத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முடியின் நிறம் மாறினாலே, தோல் மாறாமல் இருந்தும் நம் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும். கருப்பு முடிக்குப் பக்கத்தில் இருந்த முகம் இப்போது பிரவுனுக்குப் பக்கத்தில் இருக்கிறது அல்லவா? அது கண்ணின் இயல்பு, கருவியின் தப்பு இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க, இரண்டு படங்களிலும் கன்னப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முடி தெரியாதபோதும் வித்தியாசம் இருந்தால், தோல் நிஜமாகவே மாற்றப்பட்டிருக்கிறது.

கடைசியாக மச்சம், மூக்குத்தி, பொட்டு, தழும்பு. இவை இருக்கின்றனவா, அதே இடத்தில் இருக்கின்றனவா? ஏறு நெற்றிக்காரர்கள் புருவத்திலிருந்து முடி தொடங்கும் இடம் வரை உள்ள தூரத்தை, புருவத்திலிருந்து தாடை வரை உள்ள தூரத்தோடு ஒப்பிட்டு இரண்டு படத்திலும் பார்க்கலாம். முதல் போட்டோவில் அது பாதியாக இருந்து, புதுப் படத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தால் நெற்றியில் முடி முளைத்திருக்கிறது என்று அர்த்தம்.

கலர்: படம் சொல்லாத கணக்கு

முகம் மாறாமல் சரியான படமே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் படத்தில் இல்லாத ஒரு விஷயம் உண்டு. அந்த நிறத்துக்குப் போகும் வழி.

ஹேர் கலரில் நிறத்தின் அடர்த்தியை 1 முதல் 10 வரை எண்ணால் சொல்வார்கள். 1 என்றால் அட்டைக் கருப்பு, 10 என்றால் மிக வெளிறிய பொன்னிறம். நம் ஊர் முடி பெரும்பாலும் 1, 2, அதிகம் போனால் 3. அடர் சாக்லேட் பிரவுன் என்பது 3, 4 பக்கம். அதற்குப் பெரும்பாலும் ப்ளீச் வேண்டாம். 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள டெவலப்பரோடு கலந்து போடும் கலரே ஒன்றிரண்டு படி ஏற்றிவிடும். சலூனில் இதை '20 வால்யூம்' என்பார்கள். நிழலில் கருப்பாகவும் வெயிலில் பிரவுனாகவும் தெரியும். ஏஐ படத்தில் இருக்கும் அளவுக்குப் பளிச்சென்று தெரியாது.

ஆஷ் பிரவுனோ, தேன் நிறமோ வேண்டுமென்றால் கதை வேறு. அது 6, 7, 8. கருப்பு முடியை அங்கே கொண்டுபோக முதலில் ப்ளீச் பண்ணி முடியின் கருமையை எடுக்க வேண்டும். கருமை போகும்போது முடி நேராக வெளிறிவிடாது. முதலில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, அதன் பிறகுதான் மஞ்சள் என்று படிப்படியாகப் போகும். பாதியில் நின்றால் மிஞ்சுவது செம்பட்டை. ஆஷ் கலர் கேட்டுப் போனவர்கள் சில வாரத்தில் செம்பட்டைத் தலையோடு நிற்பதற்குக் காரணம் இதுதான். மேலே பூசிய சாம்பல் சாயம் தலைக்குக் குளிக்கக் குளிக்கப் போய்விடும், அடியில் இருந்த ஆரஞ்சு வெளியே வரும்.

ஏற்கெனவே டை அடித்த முடி என்றால் இன்னும் சிக்கல். பழைய கருப்புச் சாயத்தின் மேல் புதுக் கலரைப் போட்டால் அது வெளிறாது. 'கருப்பு மருதாணி' என்று விற்கும் பொடிகளில் சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கலாம். அவை பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடாகி, நொறுங்கிப் போகவும் கூடும். அதனால் கலர் பண்ணுவதற்கு முன்பு உள்பக்கமாக ஒரு சின்னக் கற்றையில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்ப்பதும் அவசியம். அடர் நிறச் சாயங்கள் பலவற்றில் இருக்கும் பிபிடி என்ற பொருள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தக் கலர் வேண்டாம்.

வெட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்பிலிருந்து தோளுக்கு 30 சென்டிமீட்டர் வெட்டினால், பழைய நீளம் திரும்ப இரண்டரை வருடம். போனில் 'அன்டூ' உண்டு, தலையில் இல்லை. கலர் பண்ணிய இரண்டு மாதத்தில் வேரில் இரண்டு சென்டிமீட்டர் கருப்பு தெரிய ஆரம்பிக்கும். அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. அதே பிராம்ப்ட்டில் நிறம் என்ற வரியில் மட்டும் 'வேரில் 2 செ.மீ. இயல்பான கருப்பு' என்று சேர்த்து இன்னொரு படம் எடுங்கள். முடிவெடுக்க உதவும் படம் பெரும்பாலும் இந்த இரண்டாவது படம்தான்.

சலூனில் எப்படிக் காட்டுவது?

சலூனுக்கோ பார்லருக்கோ போகும்போது ஏஐ படத்தை மட்டும் எடுத்துப் போகாமல், மூலப் போட்டோவையும் சேர்த்துக் காட்டுங்கள். அனுபவமுள்ளவர் இரண்டையும் பார்த்த உடனே, "முடி இவ்வளவு அடர்த்தி இல்லையேம்மா, லேயர் எடுத்தா நுனி மெலிஞ்சு போகும்" என்று சொல்லிவிடுவார். ஏஐ படத்தில் முடியின் அடர்த்தி கூடியிருப்பதை அவர் கைதான் முதலில் கண்டுபிடிக்கும்.

அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த மாதிரி வருமா?" என்பது இல்லை. அதற்கு "வரும்" என்ற பதில் சுலபமாக வந்துவிடும். "இதுக்கு ப்ளீச் வேணுமா? ஊதிவிடாம, தலைக்குக் குளிச்சு அப்படியே காயவிட்டா எப்படி நிக்கும்?" என்று கேட்டால் நேரான பதில் கிடைக்கும். ஏஐ படங்கள் எப்போதும் பார்லரிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த முடியைத்தான் காட்டும். சுருட்டை முடி காய்ந்ததும் சுருங்கி, ஈரத்தில் வெட்டிய அளவைவிட மேலே ஏறி நிற்கும். தோள் அளவு கேட்டவருக்குத் தாடை அளவில் நிற்கலாம். அதைச் சொல்லித் தர கருவியால் முடியாது, வெட்டுபவரால் முடியும்.

அந்த ஒரு வரியை விட்டுவிட வேண்டாம்

இவ்வளவு விவரத்துக்கும் பிறகு ஒருவர் கேட்கலாம்: "முகம் கொஞ்சம் வெளுத்தா என்னங்க, பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. பெண்ணுக்கும் பையனுக்கும் ஜாதகத்தோடு போட்டோ வாட்ஸ்அப்பில் போகிற ஊர்கள் இவை. வெளுத்து வந்த 'ட்ரை ஆன்' படம் நன்றாக இருக்கிறது என்று அதுவே தரகர் கைக்குப் போனால், முடியைச் சோதிக்க எடுத்த படம் ஆளைப் பற்றிய பொய்யாகிவிடும். நேரில் வந்து பார்ப்பவர்கள் ஏமாந்ததாக நினைப்பார்கள். அந்தச் சங்கடத்தைச் சுமக்கப்போவது கருவி இல்லை, அந்தப் பெண்ணோ பையனோதான்.

அதைவிட ஆழமான சேதம் ஒன்றும் உண்டு. பத்துப் படம் எடுத்து, பத்திலும் கொஞ்சம் வெளுத்த முகத்தையே பார்த்தவர், கடைசியில் கண்ணாடியில் தன் மாநிறத்தைப் பார்த்து 'ஏதோ குறையுது' என்று நினைத்தால், அது ஹேர்கட்டால் தீரும் குறை இல்லை. இல்லாத குறையைக் கருவி உண்டாக்கிவிட்டது. வெள்ளையாக்கும் கிரீம் விளம்பரங்கள் பல வருடம் செய்த அதே வேலையை, இங்கே யாரும் விளம்பரம் என்று சொல்லாமலே ஒரு படம் செய்துவிடுகிறது.

நிறத்தைத் தொடாமல் முடியை மாற்றித் தருவது கருவியை உருவாக்கும் நிறுவனங்களின் பொறுப்பு. பயனாளர் 'என் தோல் அப்படியே இருக்கட்டும்' என்று கேட்டுப் பெற வேண்டிய நிலையே இருக்கக் கூடாது. ஆனால் அது சரியாகும் வரை, அந்த வரியை எழுத வேண்டியது நாம்தான். எழுதிய பிறகு சுவரையும் மச்சத்தையும் சரிபார்க்க வேண்டியதும் நாம்தான். கத்தரிக்கோலை எடுக்கச் சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.